பெரிய வெள்ளியும் என் அடிவயிறும்

மழைக்காலத்தில் கொடைக்கானலில் ஒரு பாவாடையைக் காயவைப்பது எத்தனை பெரிய பாடு என்று என்னைக் கேட்டால் சொல்வேன். மஞ்சு இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி போட்டபடியே ஈரமாகக் கிடக்கும். அடுப்படியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கேஸ் அடுப்பின் சூட்டில் காட்டி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலும் ஒரு ஈர வாடை மிச்சம் இருக்கும். வீட்டில் இருப்பது நானும் கணவரும்தான். இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை துணி என்று அவர் ஒருநாள் கேட்டார். குளிர் தாங்காமல் உள்ளே இரண்டு பாவாடை கட்டுகிறேன் என்று சொன்னேன். அவரும் நம்பினார்.

குளிர் காரணம் இல்லை. எனக்கு மலம் அடங்கவில்லை. இப்படி ஒரே வரியில் சொல்வதற்கு எனக்கு வெகுகாலம் பிடித்தது. முதலில் "வயிறு சரியில்லை" என்றேன், பிறகு "ஒத்துக்கல" என்றேன், அதற்கும் பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். வரப்போகிறது என்று தெரிந்த மறுகணம் வந்துவிடும். சில நாள் வந்ததே தெரியாது, உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தெரியும். ஐம்பத்து நான்கு வயதில், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், இடைவேளை மணி அடிக்கும் முன்பே கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தைக் கூட எப்படியோ சமாளித்தேன். சமாளிக்க முடியாமல் போனது கோவிலில்தான். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த வருஷத்திலிருந்து எங்கள் சபையின் கொயரில் நான் ஆல்ட்டோ பாடுகிறேன். பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற வரிசை அது. பெரிய வெள்ளியன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனியாகப் பிரசங்கம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாட்டு. கொயர் உட்காருவது பீடத்துக்குப் பக்கத்தில், மொத்தச் சபையும் பார்க்கும்படி. அங்கே தும்மினாலே கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியும். அந்த வருஷம் நாலாம் வார்த்தைக்கும் ஐந்தாம் வார்த்தைக்கும் நடுவில் நான் எழுந்தேன். பக்கவாசல் வரைக்கும்தான் போக முடிந்தது.

தலை சுற்றல் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த பயிற்சியில் கொயர் மாஸ்டர் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். அவர் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. ஸ்வரத்தில் கால் இம்மி பிசகினாலும் பிடித்துவிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் அவரிடம் பயம்.

"பெரிய வெள்ளி அன்னைக்கு நடுவுல எந்திரிச்சுப் போனா, அது சபைக்கும் மரியாதை இல்ல, பாட்டுக்கும் மரியாதை இல்ல. அடுத்த வருஷம் மூணு மணி நேரமும் உக்கார முடியாதவங்க இப்பவே சொல்லிருங்க. சபையில உக்காந்து பாடலாம், தப்பில்ல."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வரிசையை விட்டு இறங்குவதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷம் இருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

சரிசெய்ய நான் செய்ததெல்லாம் இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். வயிறு சுத்தமாக இருந்தால் தொந்தரவு வராது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். சீசனில் பிளம்ஸ் கொட்டிக் கிடந்தது, தின்றேன். அது முடிந்ததும் பேரிக்காய் வந்தது, அதையும் தோலோடு தின்றேன். தினமும் கீரை. ஆடலூரில் இருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து வரும் காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து, காலையிலிருந்து மாலை வரை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். குளிருக்கு வேறு என்ன குடிப்பது? மலம் தண்ணீராக ஆகிக்கொண்டே போனது. நான் பழத்தை இன்னும் கூட்டினேன்.

உள்ளூர் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். பிறகு அமீபா மாத்திரை கொடுத்தார். பிறகு "வயசாகுதுல்ல டீச்சர்" என்றார். அதற்கு அவருக்கு ஃபீஸ் வேறு. கடைசியில் மாதவிலக்கு நின்ற பிறகு வரும் தொந்தரவுகளுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோதுதான், அவர் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"பிரசவம் எப்பிடி ஆச்சு? ஆயுதம் போட்டாங்களா?"

இரண்டாவது பிள்ளையை இடுக்கி போட்டுத்தான் எடுத்தார்கள். கிழிந்து தையல் போட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஆசனவாயைச் சுற்றியிருக்கும் தசையும், இடுப்புக்கு அடியில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் தசையும் அன்றைக்கே பலவீனப்பட்டிருக்கலாம் என்றார். இள வயசில் மற்ற தசைகள் சேர்ந்து தாங்கிக்கொள்ளும், மாதவிலக்கு நின்ற பிறகு தளர்ச்சி வெளியே தெரியும், கூடவே மலம் இளகலாகவும் போனால் அடக்கவே முடியாது என்று விளக்கினார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தையலுக்கு நான் பூச்சி மாத்திரை தின்றுகொண்டிருந்திருக்கிறேன்!

அவர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே குடலுக்குள் வேறு கோளாறு இல்லை என்று கேமரா விட்டுப் பார்த்தார்கள். மெல்லிய குழாய் ஒன்றை ஆசனவாயில் வைத்து, இறுக்கச் சொல்லி அழுத்தத்தை அளந்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். தசையில் ஒரு பக்கம் தழும்பு இருக்கிறது, ஆனால் வளையம் பெரிதாக அறுபடவில்லை, ஆபரேஷனுக்கு அவசரமில்லை, முதலில் சாப்பாட்டை மாற்றி, பயோஃபீட்பேக் பயிற்சி எடுக்கலாம் என்றார் டாக்டர். உள்ளே தசை செய்வதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. அதைப் பார்த்துப் பார்த்துச் சரியாக இறுக்கப் பழக வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர்.

"இத்தனை நாளு பாவாடை பாவாடைன்னு ஏமாத்திக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"சரி, டிவி பாத்து அடக்கக் கத்துக்கணும்ங்கிறாங்க. அதுக்கு மதுரை வரைக்கும் அடக்கிக்கிட்டுல போகணும்?"

அதைத்தான் நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். மலத்தை அடக்க முடியாதவள் அதற்கு வைத்தியம் பார்க்க, மலைப்பாதையில் வளைவு வளைவாக இறங்கி மதுரை வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும். இதை யார் யோசித்தார்களோ தெரியவில்லை. மலைக்குக் கீழே எந்தக் கழிப்பறை பூட்டியிருக்கும், எந்த பெட்ரோல் பங்கில் சாவி கேட்டால் தருவார்கள் என்பதெல்லாம் கணவருக்கு அத்துபடி. ஆனால் சீசனில் அவருக்கு ஓட்டம் இருக்கும், பஸ்தான் எனக்குக் கதி. பயண நாளுக்கு மட்டும் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார், குடலின் வேகத்தைக் குறைப்பதற்கு. அதைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருவேன். பெருமாள்மலை தாண்டும்வரை ஜெபம், வத்தலக்குண்டு வரைக்கும் வசவு.

பயிற்சி கொடுத்தது ஒரு இளம் பெண். பிசியோதெரபிஸ்ட். என் மகளைவிடச் சின்னவள். விரல் அளவில் ஒரு சென்சரை ஆசனவாயில் வைத்தாள், அடிவயிற்றில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினாள். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடு ஓடியது. பச்சைக் கோடு கீழே இருக்கும் தசை, சிவப்புக் கோடு வயிறு.

"காத்து பிரியாம அடக்குவீங்கல்ல மேடம், அந்த மாதிரி உள்ள இழுத்து இறுக்குங்க. பச்சைக் கோடு மேல ஏறணும். சிவப்பு அசையக்கூடாது. மூச்சை மட்டும் பிடிச்சுராதீங்க."

இறுக்கினேன். சிவப்புக் கோடு கூரைக்கு ஏறியது. பச்சை இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி இறுக்கினேன், மறுபடி அதே கதைதான். பாதி வேளை பச்சை இன்னும் கீழே இறங்கியது. கணக்கு டீச்சருக்கு வரைபடம் படிக்கத் தெரியாதா? நான் முழுமூச்சாக உழைத்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று முறை போயும் இதே நிலைமை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை தூரம் பட்டினி கிடந்து வந்து, கால் மடக்கிப் படுத்து, முன்பின் தெரியாத பெண்ணிடம் மானத்தை விட்டு, ஒரு கோட்டை ஏற்ற முடியவில்லை. "மெஷின்ல கோளாறு இருக்கும், வேற போடுங்க" என்று அவளிடமே சிடுசிடுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. மூச்சு அடைபடாமல் இருக்கட்டும் என்று, இறுக்கும்போது வாய்விட்டு ஏதாவது முனகச் சொன்னாள்.

முனகு என்றால் எனக்குப் பாட்டுதானே வரும்? ஆல்ட்டோவின் ஒரு வரியை எடுத்தேன். முதல் ஸ்வரத்திலேயே சிவப்புக் கோடு திரையை விட்டு வெளியே போனது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பாடுங்க மேடம். இதை எப்பிடிப் பாடணும்னு சொல்லிக் குடுத்தாங்க?"

கொயர் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். மூச்சை நிறைய இழுத்து, அடிவயிற்றைக் கல்லாக்கி, தரையைப் பார்த்துக் கீழே அழுத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஸ்வரம் ஆடாது. "அழுத்துங்க, கீழ அழுத்துங்க" என்று பயிற்சி முழுக்க இதைத்தான் சொல்லுவார். கஷ்டமான எந்த வேலைக்கும் என் உடம்பு இதைத்தான் செய்யும். கோவிலில் செய்யும், பள்ளிக்கூடத்தில் செய்யும், இங்கே இந்தக் கட்டிலிலும் செய்தது.

"அதான் சங்கதி" என்றாள். "அடக்கணும்னு நெனைக்கிறப்பல்லாம் நீங்க முக்குறீங்க மேடம். தளர்ந்த தசை மேல இப்பிடி அழுத்துனா அது எப்பிடித் தாங்கும்?"

எனக்கு உடனே தோன்றியது பெரிய வெள்ளிதான். நாலாம் வார்த்தைப் பாட்டுதான் இருப்பதிலேயே கனமான பாட்டு. அதில் என் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு பாடம் தலைகீழாக நடந்தது. வயிற்றைத் தளரவிட்டு, தொடையையும் பிட்டத்தையும் இறுக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே கீழே மட்டும் உள்ளிழுக்க வேண்டும். பாடக் கூடாது, பேச்சுக்குரலில் எண்ண வேண்டும். பச்சைக் கோடு ஒருநாள் ஒரு விரற்கடை ஏறியது. ஏறியது நிற்காமல் நடுங்கிக்கொண்டே இறங்கிவிட்டது. தழும்பு உள்ள தசை சீக்கிரம் சோர்ந்துவிடும் என்றாள், இறுக்குவது எவ்வளவு முக்கியமோ நடுவில் முழுசாகத் தளரவிடுவதும் அவ்வளவு முக்கியம் என்றாள். இன்னொரு பயிற்சியில் சின்ன பலூனை உள்ளே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடைத்து, எப்போது உணருகிறேன் என்று கேட்டாள். உணர்ந்த உடனே இறுக்க வேண்டும். எனக்கு நிறையக் காற்று போன பிறகுதான் தெரிந்தது. போகப் போகக் கொஞ்சம் காற்றிலேயே தெரிய ஆரம்பித்தது.

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சல் மூட்டிய பாடம், ஓடக் கூடாது என்பது. அவசரமாக வரும்போது ஓடினால் வயிறு குலுங்கும், தசை தளரும். நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, இறுக்கி, மூச்சு விட்டு, அந்த உந்துதல் தணிந்த பிறகு நடந்து போக வேண்டுமாம். வருகிறது என்று தெரிந்தும் அசையாமல் நிற்பதா? பள்ளிக்கூட வராந்தாவில் தூணைப் பிடித்து நின்று பழகினேன். சில நாள் தணிந்தது. சில நாள் தணியவில்லை, மறுபடி பாவாடை, மறுபடி இஸ்திரிப் பெட்டி.

சாப்பாட்டு விஷயம் வேறு ஒரு கூத்து. பிளம்ஸ், பேரிக்காய், கீரைக் குவியல் எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள், காப்பியைக் காலையில் அரை டம்ளராகக் குறைக்கச் சொன்னார்கள், பாலைக் கொஞ்சநாள் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சோறு, தயிர், இட்லி, மலைவாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே இசப்கோல் உமி. பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாயிடம் போய்க் கேட்டேன்.

"மலச்சிக்கலா டீச்சர்? ராத்திரி ஒரு டம்ளர் சுடுபால்ல கலந்து குடிங்க, காலையில வெள்ளனே போயிரும்."

அவர்மேல் தப்பில்லை, ஊரே அதற்குத்தான் வாங்குகிறது. நானும் யோசிக்காமல் சுடுபாலில் கலந்து குடித்தேன். வெள்ளனே போனது, சொல்லாமல் கொள்ளாமல் போனது. அடுத்த முறை மதுரையில் அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்சமாகத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் விழுங்கிவிட வேண்டும், அதற்கு மேல் டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது, அப்போதுதான் குடலில் இருக்கும் தண்ணீரை உமி உறிஞ்சி மலத்தைக் கட்டியாக்கும் என்றாள். சின்ன அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொன்னாள். ஒரே உமி, தண்ணீரைக் கூட்டினால் ஒரு வேலை, குறைத்தால் இன்னொரு வேலை. இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கத்தினேன். சொல்லியிருந்தாளாம். நான்தான் பச்சைக் கோட்டின் மேல் இருந்த கடுப்பில் காதில் வாங்கவில்லை.

தை மாதம் வாக்கில் மலம் உருத்திரண்டு வர ஆரம்பித்தது. இதற்கெல்லாம் ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன். கட்டியாக வந்தால் தசைக்குப் பிடித்து நிறுத்துவது சுலபம். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவசரப்படாமல் போய் உட்காருவதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். கொடியில் துணி குறைந்ததைக் கணவரே கவனித்துச் சொன்னார்.

பெரிய வெள்ளி வந்தது. சபையே உபவாசம் இருக்கும் நாளில் நான் விடிந்ததும் கஞ்சியும் மலைவாழைப்பழமும் சாப்பிட்டேன்.

"உபவாசம் இல்லையா?" என்று கேட்டார் கணவர்.

"காப்பியை விட்டிருக்கேன்ல, அது போதும் கர்த்தருக்கு."

வயிற்றைக் காலி செய்துவிட்டு, பேட் வைத்துக்கொண்டு, கொயர் வரிசையின் நடுவில் போய் உட்கார்ந்தேன். ஓரத்து இடம் கேட்டிருந்தேன். உயர வரிசை கெடும் என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். நாலாம் வார்த்தை தாண்டியது. ஆறாம் வார்த்தைப் பிரசங்கத்தின் பாதியில் வந்தது அந்த உந்துதல். கால் தானாக எழப் பார்த்தது. எழவில்லை. வயிற்றைத் தளரவிட்டு, கீழே உள்ளிழுத்து, மெதுவாக மூச்சு விட்டேன். போதகர் "முடிந்தது" என்ற வார்த்தையைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு முடியவில்லை, தொடங்கத்தான் செய்திருந்தது. மறுபடி இறுக்கினேன். அலை போலக் கிளம்பி, உச்சிக்குப் போய், பிறகு தணிந்தது.

தணிந்த கையோடு பாட்டுக்கு எழுந்து நிற்க வேண்டியிருந்தது. ஆல்ட்டோ தனியாக எடுக்கும் இடம். மாஸ்டர் எங்களைப் பார்த்து உள்ளங்கையைத் தரைப்பக்கம் அழுத்திக் காட்டினார். நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் ஸ்வரம் நின்றிருக்கும், மற்றது நின்றிருக்காது. தொண்டையில் வந்த மட்டுக்கு மெலிதாகப் பாடினேன். அவர் கண் என்மேல் வந்து நின்றது. நானும் கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மணி அடித்தபோது நான் என் இடத்தில்தான் இருந்தேன்.

கழிப்பறையில் போய்ப் பார்த்தேன், பேட் சுத்தமாக இருந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவி, கொயர் அங்கியைக் கழற்றிவைக்கப் பக்கத்து அறைக்கு வந்தேன். எல்லாரும் அங்கே இருந்தார்கள். மாஸ்டர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், இன்னைக்கு உங்க குரலே கேக்கல. வயசாச்சுன்னா அடிவயித்துல பலம் போயிரும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் நீங்க சபையில உக்காந்தே பாடுங்க."

ஒரு வருஷப் பட்டினி, ஒரு வருஷப் பஸ், குறைத்த காப்பி, ஏறாத பச்சைக் கோடு, எல்லாம் தொண்டைக்கு வந்தது. இதற்குத்தான் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தேனா?

"குரல் போகல சார். எனக்கு மலம் அடங்காது. நீங்க சொல்ற மாதிரி கீழ அழுத்துனா இங்கயே போயிரும். போன வருஷம் போச்சு. இந்த வருஷம் மூணு மணி நேரமும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நடுவுல எந்திரிச்சேனா? அதைச் சொல்லுங்க."

கையில் இருந்த நோட்டை அவர் மேசைமேல் வைத்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. அங்கியைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தேன்.

மேல்குரல் பாடும் சொப்ரானோ வரிசையின் ஓரத்தில் எப்போதும் உட்காரும் அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மாஸ்டரைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"எந்த ஆஸ்பத்திரி டீச்சர்?"

"மதுரையில" என்றேன்.

"மதுரையா? அம்புட்டுத் தூரம் பஸ்ல எப்பிடிப் போறீங்க?" என்று கேட்டது அவர் இல்லை. எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் கூடவே பாடிய இன்னொரு ஆல்ட்டோ.